முல்தானி மிட்டியும் என் மூக்கோரமும்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை அமைந்தது பெரிய நிம்மதி. அப்புறம், கடையில் வாங்கும் டோனர், மாஸ்க் எல்லாவற்றையும் விட்டுவிட்டு பன்னீர், முல்தானி மிட்டி, கற்றாழை என்று மாறிவிடலாமா என்று கேட்டிருந்தாய். மாறு, ஆனால் எல்லாவற்றையும் தினமும் போடாதே.

நான் பட்ட பாட்டைக் கேள். முகத்தில் எண்ணெய் வழிகிறதே என்று தினமும் ராத்திரி முல்தானி மிட்டி பூசி, அது வெடிப்பு விடும்வரை உட்கார்ந்திருந்தேன். சிரிக்கக்கூட முடியாது, நன்றாக இழுக்கிறது என்று பெருமை வேறு! ஒரு வாரத்தில் மூக்கோரம் தோல் உரிந்தது, கன்னம் விறைத்தது. அந்த மண் எண்ணெயை உறிஞ்சுகிற வேகத்தில் தோலின் ஈரத்தைக் காக்கும் மெல்லிய பூச்சையும் கொண்டுபோய்விடுகிறது. இப்போது வாரம் ஒரு நாள்தான். ஒரு டீஸ்பூன் மண்ணில் பன்னீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வழியாத பதத்தில் குழைத்துப் பூசுகிறேன். ஓரம் வெளிறி, நடுவில் ஈரம் இருக்கும்போதே கழுவிவிடுவேன். மிச்சத்தை எடுத்து வைப்பதில்லை, கெட்டுவிடும். கடை மாஸ்க்கிலும் பல நேரம் களிமண்தான். கிளிசரின் சேர்த்திருந்தால் அவ்வளவு இறுக்காது, கெடாமல் இருக்கவும் ஏதாவது சேர்த்திருப்பார்கள். ஆனால் அதுவும் தினப்படிக்கு இல்லை.

தினமும் போடலாம் என்றால் பன்னீரும் கற்றாழையும்தான். பன்னீர் புத்துணர்ச்சி தரும், அவ்வளவே. பருவுக்கென்று சாலிசிலிக் அமிலம் கலந்த டோனர் செய்கிற வேலையை அது செய்யாது. அதே சமயம், உன் டோனரில் தண்ணீருக்கு அடுத்தபடி ஆல்கஹால் என்று போட்டிருந்து, தடவியதும் எரிகிறது என்றால் பன்னீரே மேல். பன்னீர் பாட்டிலையும் திருப்பிப் பார். வெறும் தண்ணீரும் வாசனைத் திரவியமும் என்றால், உனக்கு வாசனை ஒத்துக்கொள்ளாத தோல், வேண்டாம்.

கற்றாழையில் ஒரு சூட்சுமம் உண்டு. மடலை வெட்டியதும் மஞ்சளாக ஒரு பால் வடியும், அரிப்பு அதனால்தான் பலருக்கு. மடலைக் கால் மணி நேரம் நிமிர்த்தி வைத்து வடியவிட்டு, கழுவி, தோல் சீவி, நடுவில் கண்ணாடி மாதிரி இருப்பதை மட்டும் எடு. ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும். முதலில் முழங்கையின் உட்பக்கம் தடவி ஒரு நாள் பார். அது பெரும்பாலும் தண்ணீர்தான், காய்ந்ததும் முகம் இழுக்கும். அதனால் ஈரமாக இருக்கும்போதே மேலே க்ரீம் போட்டுவிடு.

உன் டோனர் பாட்டிலின் பின்பக்கம் இருப்பதை அப்படியே எழுதி அனுப்பு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி, பொடி எழுத்து.

அன்புடன்,
சாந்தா