சிவப்பு வட்டங்களை எண்ணுவதை நிறுத்துவோம்: ஐஇஎல்டிஎஸ் எழுத்துப் பயிற்சி தரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களைப் போலக் கட்டுரை திருத்துகிறவள்தான். போன மாதம் ஒரு மாணவர் தன் பழைய கட்டுரை ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். வேறொரு ஆசிரியர் அதைத் திருத்தி 23 இடங்களில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். வட்டமிட்ட இடமெல்லாம் பிழைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. அந்த வட்டங்களை நம்பி இரண்டு மாதம் இலக்கணம் மட்டும் படித்துவிட்டு மறுபடி தேர்வு எழுதியிருக்கிறார். எழுத்துத் தாளில் மறுபடியும் அதே 5.5. அந்தத் தாளை வைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

அது இரண்டாவது டாஸ்க் கட்டுரை. பல்கலைக்கழகம் வேலைக்கான திறனைக் கற்பிக்க வேண்டும் என்கிறார்கள் சிலர், அறிவுக்காகவே கற்பிக்க வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு தரப்பையும் பேசி, உங்கள் கருத்தையும் சொல்லுங்கள் என்பது கேள்வி. மாணவர் இரண்டு தரப்பையும் ஆளுக்கொரு பத்தியில் எழுதியிருந்தார். தன் கருத்தை எங்கும் எழுதவில்லை. இரண்டும் முக்கியம் என்ற ஒரு வரியோடு முடித்துவிட்டார். அந்த வரிக்குப் பக்கத்தில் வட்டம் எதுவும் இல்லை, ஏனென்றால் அதில் இலக்கணப் பிழை இல்லை!

பேண்ட் விளக்க அட்டவணை பொதுவில் கிடைக்கிறது. அதில் நான்கு அளவுகோல்கள்: கேள்விக்குப் பதில் சொன்ன விதம், கோர்வை, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம எடை. இலக்கணத்துக்குக் கூடுதல் மதிப்பெண் எங்கும் இல்லை. முதல் அளவுகோலில் 5-க்கான கட்டத்தைப் படித்தால், கேள்வியின் முக்கியப் பகுதிகள் முழுமையாகக் கையாளப்படவில்லை என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். 7-க்கான கட்டம் தெளிவான நிலைப்பாட்டைக் கேட்கிறது. கருத்து சொல்லச் சொன்ன கேள்வியில் கருத்தே இல்லாத கட்டுரை எந்தக் கட்டத்தில் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் போட்ட கணக்கு இது: முதல் அளவுகோலில் 5, மற்ற மூன்றிலும் 6. சராசரி 5.75. நிலைப்பாட்டை முன்னுரையில் ஒரு வாக்கியத்தில் சொல்லி, அதற்கான காரணத்தை ஒரு பத்தியில் விரித்து, முடிவுரையிலும் அதே நிலைப்பாட்டில் நின்றிருந்தால் அந்த 5 ஏழாகக்கூட ஆகலாம். சராசரி 6.25-க்குப் போகிறது. ஒரு இலக்கணப் பிழையைக்கூடத் திருத்தாமல்! இரண்டாவது டாஸ்க்கின் எடை முதலாவதைப் போல இரண்டு மடங்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இலக்கணத்தை விட்டுவிடலாமா? கூடாது. ஆனால் அட்டவணை எதை எண்ணுகிறது என்று பார்த்துத் திருத்த வேண்டும். 6-க்கான கட்டம், பிழைகள் இருந்தாலும் பெரும்பாலும் பொருள் புரிகிறது என்கிறது. 7-க்கான கட்டமோ பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும் என்கிறது. அதாவது எண்ண வேண்டியது பிழைகளை அல்ல, பிழையில்லாத வாக்கியங்களை.

அந்தக் கட்டுரையை இப்படி எண்ணினேன். மொத்தம் 15 வாக்கியங்கள், பிழையில்லாதவை 4. மீதி 11-இல் ஐந்து வாக்கியங்களில் ஒரே ஒரு பிழைதான். எழுவாய் ஒருமையாக இருக்க வினையில் எஸ் விட்டுப்போனது, அல்லது பெயர்ச்சொல்லுக்கு முன் ஆர்ட்டிகிள் விட்டுப்போனது. மற்ற 18 பிழைகளும் ஆறு நீண்ட வாக்கியங்களுக்குள் குவிந்து கிடந்தன. அந்த ஆறில் இருந்து பத்துப் பிழைகளை நீக்கினாலும் எட்டு மிச்சமிருக்கும், பிழையில்லாத வாக்கியங்களின் எண்ணிக்கை அவ்வளவாக ஏறாது. ஒற்றைப் பிழை வாக்கியங்கள் ஐந்தையும் சரிசெய்தால் நான்கு ஒன்பதாகிவிடும். இத்தனை வாக்கியம் இருந்தால் அடிக்கடி என்று அட்டவணை எண் எதுவும் தரவில்லை, ஆனாலும் 15-இல் 4-க்கும் 9-க்கும் உள்ள தூரம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த மாணவருக்குத் தேவைப்பட்டது இரண்டே இரண்டு விதிகள், அப்புறம் எழுதி முடித்ததும் அவற்றை மட்டும் தேடிப் பார்க்கும் பழக்கம்.

கோர்வை பற்றியும் ஒன்று. வாக்கியத்துக்கு ஒரு மோரோவர், பர்தர்மோர் போடச் சொல்லித் தருகிறோமே, இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறி இயந்திரத்தனமாகப் போடுவது 6-க்கான கட்டத்திலேயே குறையாகத்தான் எழுதியிருக்கிறது.

நாம் தேர்வாளர்கள் இல்லை. நம் மதிப்பீடு அரை பேண்ட், ஒரு பேண்ட் தவறலாம். ஆனால் நான்கில் எது கடைசியில் நிற்கிறது என்பதில் பெரும்பாலும் தவற மாட்டோம். அதனால் கேட்கிறேன்: அடுத்த கட்டுரையைத் திருப்பித் தரும்போது, வட்டம் போடுவதற்கு முன் தாளின் மேல் ஓரத்தில் நான்கு எண்களை எழுதுங்கள். மிகக் குறைந்த எண்ணுக்குப் பக்கத்தில், அதை அங்கே நிறுத்திய அட்டவணை வரியையும், கட்டுரையில் அதற்குக் காரணமான இடத்தையும் குறியுங்கள். அந்த மாணவர் இன்னும் மூன்று வாரத்தில் மறுபடி எழுதப் போகிறார். இந்த முறை அவர் தாளின் ஓரத்தில் அந்த நான்கு எண்கள் இருக்கின்றன.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி