சட்டையைக் கழற்றிவிட்டுப் பார்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய வாய்ஸ் நோட்டைக் கேட்டேன். குட்டிப் பையனுக்கு விசில் மாதிரி இழுக்கிறது, "இது எவ்வளவு சீரியஸ்னு சத்தத்தை வச்சுச் சொல்லும்மா" என்று கேட்டிருந்தாய். சத்தத்தை வைத்து நான் மட்டுமில்லை, யாருமே சொல்ல முடியாது. பள்ளி நர்ஸாக வருடா வருடம் ஜூனில் ஹாஸ்டல் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புவேன். ஊட்டிக் குளிரில் வீசிங் பிள்ளைகள் யாராவது இல்லாத வருடமே கிடையாது. அந்த ஒரு பக்கத்தில் அடங்காததையும் சேர்த்து உனக்கு எழுதுகிறேன். நீயும் இப்போது ஒரு வீசிங் பிள்ளைக்கு அம்மாதானே.

சுருங்கிப்போன மூச்சுக்குழாய் வழியாகக் காற்று நெருக்கியடித்துப் போகும்போதுதான் அந்த விசில் வருகிறது. அதனால் நன்றாக விளையாடிக்கொண்டே, இட்லி கேட்டுக்கொண்டே, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி இழுக்கிற பிள்ளை உண்டு. குழாய் இன்னும் அடைத்து, காற்றே சரியாகப் போகாமல் போனால் சத்தமும் குறைந்துவிடும். நாங்கள் பயப்படுவது அந்தப் பிள்ளைக்குத்தான்.

ஆகவே காதைவிடக் கண்ணை நம்பு. லைட்டைப் போடு, சட்டையைக் கழற்று. கம்பளிக்குள் இருக்கும் பிள்ளையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழேயும், எலும்புகளுக்கு நடுவிலும் தோல் பள்ளம் விழுந்து உள்ளே போகிறதா என்று பார். அப்புறம் தொண்டைக்குழி. கழுத்துக்குக் கீழே, சங்கிலி டாலர் உட்காரும் அந்தக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுபட்டால், பிள்ளை மூச்சுக்காகப் பாடுபடுகிறது என்று அர்த்தம். மூக்குத் துவாரம் விரிவதும் அப்படித்தான். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் படுக்கவே மாட்டார்கள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கைகளை முன்னால் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விடுவார்கள். அப்படி உட்காரும் பிள்ளையை "படு, சரியாயிடும்" என்று படுக்க வைக்காதே. அவனுக்கு வசதியான நிலையை அவனே கண்டுபிடித்திருக்கிறான்.

அடுத்து மூச்சை எண்ணு. வயிறு ஒரு முறை எழும்பி அடங்கினால் ஒன்று. முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கினால் சின்னப் பிள்ளைகளிடம் கணக்குத் தப்பும். தூங்கும்போது எண்ணுவது உத்தமம். அழுதவுடனோ ஓடி வந்தவுடனோ எண்ணினால் பயன் இல்லை. காய்ச்சல் இருந்தாலும் எண்ணிக்கை கூடும். உன் பையனுக்கு நாலு வயசு. இந்த வயதில் நிமிடத்துக்கு 40-ஐத் தொட்டாலே வேகம்தான். ஐந்து வயது தாண்டியவர்களிடம் 30-ஐத் தாண்டினால் நான் கடிகாரத்தை விட்டு எழமாட்டேன். அவன் நன்றாக இருக்கும்போதும் ஒரு ராத்திரி எண்ணி எழுதி வை. அவனுடைய வழக்கமான கணக்கு தெரிந்தால்தான் கூடியது தெரியும்.

மூன்றாவது, பேச்சு. பேச்சு வந்த பிள்ளையிடம் "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்பேன். "ரெண்டு தோசை சாப்பிட்டேன், சட்னி காரம்" என்று ஒரே மூச்சில் சொன்னால் நிதானமாக வேலையைப் பார்க்கலாம். "ரெண்டு... தோசை..." என்று சொல்லுக்குச் சொல் நிறுத்தினால் நிதானத்துக்கு நேரமில்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு. பி.டி. பீரியட் முடிந்து இரண்டு நண்பர்கள் தோளைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். "கிரவுண்டுல பயங்கரமா இழுத்துச்சு சிஸ்டர், இப்ப சத்தம் நின்னுடுச்சு" என்றார்கள், சந்தோஷமாக. பையன் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினான். சட்டைப் பட்டனைக் கழற்றினேன். தொண்டைக்குழி பள்ளம் பள்ளமாக விழுகிறது. மூச்சு நிமிடத்துக்கு 38. விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டரில் ரத்த ஆக்ஸிஜன் 90 சதவீதம். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் நெஞ்சில் லேசான சத்தம்கூட இல்லை. வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டு ஆக்ஸிஜன் வைத்தேன். கூடவே இன்ஹேலரை மாட்டும் ஸ்பேசர் குழாய் வழியாக, மூச்சுக்குழாயைத் திறக்கும் சால்புட்டமால் மருந்து, ஒரு பஃப், சில மூச்சு, அடுத்த பஃப் என்று வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே போனோம். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்துக் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் விசில் சத்தம் பலமாகக் கேட்டது. கூட வந்த வார்டன் பதறிவிட்டார். டாக்டர் முகத்தில் அப்போதுதான் தெளிவு வந்தது. காற்று உள்ளே போக ஆரம்பித்திருக்கிறது, அதனால்தான் அந்தச் சத்தம்.

மாப்பிள்ளை ஆக்ஸிமீட்டர் வாங்கியிருப்பதாகச் சொன்னாய். வாங்கியது நல்லதுதான், ஆனால் அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைப் பார்க்காதே, பிள்ளையைப் பார்த்துவிட்டு அதைப் பார். பெரியவர்களுக்கான கிளிப் சின்ன விரலில் சரியாக உட்காராது. விரல் குளிர்ந்திருந்தாலும், ஆட்டினாலும், மருதாணியோ நகச்சாயமோ இருந்தாலும் எண் தப்பும். நம் மாதிரிக் கறுத்த தோலில் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டவும் செய்யும். 92-க்குக் கீழே போனால் கிளம்பிவிடு. 96 காட்டுகிறது, ஆனால் நெஞ்சு பள்ளம் விழுகிறது என்றாலும் கிளம்பிவிடு.

கிளம்புவதற்கு இன்னும் சில அடையாளங்கள் உண்டு. உதட்டு நிறம் நம் பிள்ளைகளிடம் ஏமாற்றும், அதனால் நாக்கையும் உதட்டின் உள்பக்கத்தையும் பார். நீலமாகவோ சாம்பலாகவோ இருந்தால் 108-ஐக் கூப்பிடு. பெங்களூரிலும் அதே எண்தான். அடம் பிடித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று துவண்டு, கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்து மூடினால், "பாவம், அசந்து தூங்குறான்" என்று விடாதே. இன்னொன்று, சளியே இல்லாமல் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவனுக்குத் திடீரென்று இருமலும் இழுப்பும் வந்தால், கடலை மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம். அது இன்ஹேலர் வேலை இல்லை, நேராக ஆஸ்பத்திரி.

இந்த அடையாளம் எதுவும் இல்லை, இழுப்பு மட்டும்தான் என்றால் டாக்டர் எழுதித் தந்த அளவைக் கொடு. அவன் வயதுக்கு வழக்கமாக இரண்டு பஃப். இன்ஹேலரைக் குலுக்கி ஸ்பேசரில் மாட்டி, ஸ்பேசரின் முகமூடி கன்னத்தில் இடைவெளி இல்லாமல் ஒட்டும்படி பிடித்து, ஒரு பஃப் அடித்து ஐந்தாறு மூச்சு விடட்டும். மறுபடி குலுக்கி அடுத்தது. இரண்டையும் சேர்த்து அடிக்காதே. இருபது நிமிடம் கழித்து மறுபடி சட்டையைத் தூக்கிப் பார், எண்ணு. பலர் மருந்தை மட்டும் கொடுத்துவிட்டு இதைச் செய்வதில்லை. குறையவில்லையென்றால் மறுபடி இரண்டு, இன்னொரு இருபது நிமிடம் கழித்துக் கடைசியாக இரண்டு. இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு பஃபுக்கு மேல் தேவைப்பட்டால் வீட்டு வைத்தியம் முடிந்தது, கிளம்பு.

உன் மாமியார் ஆவி பிடிக்கச் சொல்கிறார் என்றாய். மெதுவாகச் சொல்லிப் பார். சுருங்கிய குழாயை ஆவி திறக்காது, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரம் நாலு வயசுப் பிள்ளை பக்கத்தில் வேண்டாம். சாயந்திர சாம்பிராணியை வாசலோடு நிறுத்திக்கொண்டால் போதும், அதற்காகச் சண்டை வேண்டாம். இன்ஹேலர் பழகிவிடும் என்று அவர் சொன்னால், சிரப்பைவிடக் குறைந்த மருந்து நேராக நெஞ்சுக்குப் போகிறது என்று மட்டும் சொல்.

ஸ்பேசரை வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிடு. துணியால் துடைத்தால் மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிளே ஸ்கூலுக்கு இன்னொரு செட் வாங்கி அவன் பெயர் எழுதிக் கொடு. தொண்டைக்குழி எங்கே இருக்கிறது என்று அங்கே இருக்கும் ஆயாவிடம் உன் கழுத்திலேயே தொட்டுக் காட்டிவிட்டு வா.

அன்புடன்,
அம்மா