ஒரே பிழைக்கு ஒரே புள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு,

மூதூர், வெருகல் பக்கத்துப் பிள்ளைகள் மாதிரிப் பரீட்சை விடைத்தாள்களைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அவற்றை வந்த வரிசையில், ஒரு பிள்ளையின் தாளை முழுதாகத் திருத்தி முடித்துவிட்டு அடுத்ததைத் திறப்பதுதான் ஆசிரியர்கள் பலரின் வழக்கம். ஒரே பிழைக்கு ஒருவருக்கு 1 புள்ளியும் மற்றவருக்கு 3 புள்ளியும் குறைவது இதனால்தான். பத்தாவது வினாவை முடித்து அடுத்த பிள்ளையின் முதலாம் வினாவுக்கு வரும்போது, அங்கே முன்பு என்ன முடிவெடுத்தோம் என்பது மறந்துபோகும்.

ஒரு வினாவை எல்லாத் தாள்களிலும் திருத்தி முடித்த பிறகே அடுத்த வினாவுக்குப் போக வேண்டும். அதற்குப் படங்களின் பெயர்களை முதலில் மாற்ற வேண்டும்: 07-1, 07-2 என்று, சுட்டெண்ணும் பக்கமும். அடுத்த வினாவைக் கடைசித் தாளிலிருந்து பின்னோக்கித் திருத்தினால், நமது களைப்பு எப்போதும் அதே பிள்ளைகள் மேல் விழாது.

புள்ளித்திட்டம் எல்லாப் பிழைகளையும் முன்கூட்டிச் சொல்லாது. விட்டம் 14 cm, உயரம் 10 cm உள்ள உருளையின் கனவளவு கேட்கப்படுகிறது என்று வைப்போம். சூத்திரம் 1, பிரதியீடு 1, சுருக்கல் 1, அலகு 1. சரியான விடை 1540 cm³. ஒரு பிள்ளை ஆரைக்குப் பதில் விட்டத்தையே போட்டு 6160 cm³ என்று எழுதியிருக்கிறது. குறைய வேண்டியது பிரதியீட்டுப் புள்ளி மட்டுமே, ஏனெனில் அந்த எண்ணுக்குச் சுருக்கல் சரி. அடுத்த பகுதியில் அதை லீற்றராக்கி 6.16 என்று எழுதினாலும் முழுப் புள்ளி கொடுக்க வேண்டும். ஒரு பிழைக்கு இரண்டு தடவை தண்டனை கூடாது.

இந்த முடிவை உடனே ஒரு கொப்பியில் எழுதுங்கள்: "பி1: ஆரைக்கு விட்டம், −1, தொடர்விடைக்குப் புள்ளி உண்டு." பக்கத்தில் அந்தப் பிழை வந்த சுட்டெண்கள். தாளிலும் பி1 என்றே குறியுங்கள். இருபதாவது தாளில் மனம் மாறி வேறு முடிவெடுத்தால், கொப்பியில் உள்ள சுட்டெண்களை மட்டும் திறந்து திருத்தினால் போதும். இந்தப் பட்டியல் இல்லாதவர்கள்தான் "இனிமேல் இப்படிப் போடுவோம்" என்று முன்னைய தாள்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

படத்தால் வரும் சிக்கல் வேறு. மங்கிய படத்தில் cm³ என்பது cm² போலத் தெரியும், தசமப் புள்ளி காணாமல் போகும். சிலருக்கு ஊகித்துக் கொடுத்து, சிலருக்கு வெட்டக் கூடாது. தெளிவில்லாத இடத்துக்கு "ப" என்று குறித்துப் புள்ளி போடாமல் விட்டு, அந்தப் பக்கத்தைத் திரும்பக் கேளுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். புதிய படத்தைப் பழையதோடு ஒப்பிட்டு, விடையில் பிறகு எதுவும் சேர்க்கப்படவில்லை என்று பார்த்த பின்பே புள்ளி போடலாம்.

கடைசியாக, ஐந்துக்கு ஒரு தாளை எடுத்து, முதல் போட்ட புள்ளியை மறைத்துக் கொப்பியை மட்டும் வைத்துத் திரும்பத் திருத்துங்கள். புள்ளி மாறினால், அந்தப் பிழைக் குறி உள்ள எல்லாத் தாள்களையும் திரும்பத் திறக்க வேண்டும்.

கணித ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை.