ஈவுத்தொகை வரி: நிதியமைச்சருக்குக் கும்பகோணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

கும்பகோணம்
டிசம்பர் 2025

மாண்புமிகு மத்திய நிதியமைச்சர் அவர்களுக்கும், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தலைவர் அவர்களுக்கும், வணக்கம்.

பட்ஜெட்டுக்கு முன்னால் பெரிய சங்கங்களை அழைத்துக் கருத்துக் கேட்பீர்கள். எங்கள் ஊர்ப் பங்குதாரர்களுக்கு அப்படி ஒரு சங்கம் கிடையாது. இங்கே பலருக்கு வருமான வரிக் கணக்கு எழுதித் தருகிறவன் என்ற முறையில் அவர்கள் சார்பில் நான் எழுதுகிறேன். கேட்பது இரண்டே விஷயம். இரண்டும் ஈவுத்தொகை வரி, அதாவது கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் டிவிடெண்டின் மீதான வரி பற்றியவை.

டெல்டாக்காரர்களுக்கும் பங்குக்கும் என்ன சம்பந்தம் என்று டெல்லியில் யாராவது நினைக்கலாம். 1904-ல் கும்பகோணம் வங்கி என்று தொடங்கி இன்று சிட்டி யூனியன் வங்கி என்று நிற்கிற வங்கி இந்த ஊர்தான். தாத்தா வாங்கிய வங்கிப் பங்கு, போனஸோடு சேர்ந்து பெருகி, பேத்தியின் டிமேட் கணக்குக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் இங்கே உண்டு. அந்தப் பங்குகளை விற்கிற எண்ணமே அவர்களுக்கு இருக்காது. வருஷத்துக்கு ஒரு தடவை வரும் டிவிடெண்ட்தான் அவர்களுக்குக் கணக்கு.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2020 ஏப்ரலில் நீங்கள் கொண்டுவந்த மாற்றத்தால் சின்னப் பங்குதாரருக்கு நல்லதுதான் நடந்தது. அதற்கு முன்பு ஈவுத்தொகைக்கான வரியைக் கம்பெனியே கட்டியது, அந்த வரி எல்லாம் சேர்த்து 20.56 சதவீதம். பங்குதாரர் கையில் வந்ததற்கு 10 லட்சம் வரை வரி இல்லை என்று சொன்னாலும், வருமானமே இல்லாத பாட்டியும் மறைமுகமாக அந்த 20.56 சதவீதத்தைச் சுமந்தார், திரும்பக் கேட்க வழி இல்லாமல். இப்போது அவரவர் வருமானத்துக்கு ஏற்ற விகிதத்தில் வரி. பழைய முறை வேண்டும் என்று நான் கேட்கவே மாட்டேன். புது முறையில் வரியைப் பிடிக்கிற விதமும் செலவைக் கழிக்கிற விதமும்தான் கோணலாக இருக்கின்றன.

பிடித்தத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம், எண்களை மட்டும் சொல்கிறேன், அவையும் விளக்குவதற்காக முழு எண்களாக்கியவை. கணவரை இழந்த ஓர் அம்மா, வயது 57. கணவரின் ஓய்வுக்கால பணத்தை வங்கியில் போட்டதில் வருஷ வட்டி 3,10,000 ரூபாய். நான்கு கம்பெனிகளில் பங்கு. 2025-26-ல் ஒன்றிலிருந்து 90,000, இன்னொன்றிலிருந்து 38,000, மூன்றாவதிலிருந்து 8,000, நான்காவதிலிருந்து 4,000, ஆக ஈவுத்தொகை 1,40,000. மொத்த வருமானம் நாலரை லட்சம். புதிய வரி முறையில் 4 லட்சத்துக்கு மேல் உள்ள 50,000-க்கு 5 சதவீதம் என்று 2,500 ரூபாய் வரி வரும். 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு நீங்கள் தருகிற 87ஏ தள்ளுபடியில் அதுவும் போய்விடும். அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம்.

ஆனால் பிடிக்கப்படுவது பூஜ்யம் இல்லை. ஒரு கம்பெனி ஒருவருக்கு வருஷத்தில் கொடுக்கும் ஈவுத்தொகை 10,000 ரூபாயைத் தாண்டினால், பணம் கொடுக்கும்போதே 10 சதவீதத்தை டி.டி.எஸ். என்று வரியாகப் பிடிக்க வேண்டும். இந்த வரம்பு 5,000-ஆக இருந்தது, 2025 ஏப்ரலில்தான் உயர்த்தினீர்கள், அதற்கு நன்றி. முதல் கம்பெனி 9,000, இரண்டாவது 3,800 பிடித்துக்கொள்ளும். 8,000-க்கும் 4,000-க்கும் பிடித்தம் இல்லை. (பிடித்தம் இல்லாததால் அந்த 12,000-க்கு வரியே இல்லை என்று நினைப்பவர்கள் இங்கே ஏராளம். அதையும் வருமானத்தில் காட்டியாக வேண்டும், ஒவ்வொருவரின் வருமானத்தையும் உங்கள் துறை தொகுத்துக் காட்டும் ஏ.ஐ.எஸ். அறிக்கையில் அது பளிச்சென்று தெரியும்.) ஆக 12,800 ரூபாய், வரியே இல்லாத ஒருவரிடமிருந்து.

பிடிக்காமல் இருக்கப் படிவம் இருக்கிறதே என்பீர்கள். 60 வயது ஆனவர் 15எச் கொடுக்கலாம். தள்ளுபடியைக் கணக்கில் எடுத்த பிறகு வரி பூஜ்யம் என்றால் அதை ஏற்க வேண்டும் என்று 2019-லேயே அறிவிக்கை போட்டீர்கள். இதே எண்களோடு 62 வயதுக்காரர் 15எச் கொடுத்துத் தப்பித்துவிடுவார். இந்த அம்மாவுக்கு 57, அவருக்கு உள்ளது 15ஜி. அதில் இன்னொரு நிபந்தனை: வட்டியும் ஈவுத்தொகையும் சேர்ந்து அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டக் கூடாது. வரம்பு 4 லட்சம், இவருக்கு 4,50,000. அதனால் 15ஜி கொடுக்க முடியாது. கொடுத்தால் அது பொய் அறிவிப்பு ஆகிவிடும், கொடுக்க வேண்டாம் என்று நானே தடுக்கிறேன். 12 லட்சம் வரை வரி இல்லை என்று தொலைக்காட்சியில் கேட்ட ஒருவரிடம் இதை விளக்கிப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு.

ஆகஸ்டில் கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து பணம் வரும்போது பிடித்தம் நடக்கும். அடுத்த வருஷம் கோடையில் ரிட்டர்ன் போட்ட பிறகுதான் திரும்ப வரும். திரும்பி வரும் தொகைக்கு வட்டி தருகிறீர்கள், சரி. ஆனால் அது நிதியாண்டு முடிந்த பிறகு ஏப்ரல் 1-லிருந்துதான் ஓடத் தொடங்கும். ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை அவர் பணம் உங்களிடம் சும்மா கிடக்கும்.

15எச் கொடுக்கக்கூடியவருக்கும் வழி சுலபம் இல்லை. கம்பெனிக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். கம்பெனியின் பங்குப் பதிவாளர் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும், ஈவுத்தொகை யார் யாருக்கு என்று முடிவாகும் பதிவுத் தேதியை ஒட்டி வைத்த கடைசி நாளுக்குள். அதைச் சொல்லும் மின்னஞ்சல் ஆங்கிலத்தில், எப்போதோ பேரன் போட்டுக் கொடுத்த முகவரிக்குப் போகிறது. பேரன் சென்னையிலோ ஹூஸ்டனிலோ இருப்பான். வங்கி வட்டிக்கு 15எச் கொடுப்பதென்றால் கிளைக்கு நடந்துபோய்க் கொடுத்துவிடலாம். பங்குக்குப் போய் நிற்க எந்த வாசலும் இல்லை.

ஒரே இடம் இருக்கிறது, நீங்கள் நினைத்தால். டிமேட் பங்குகள் எல்லாமே என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். என்ற இரண்டு பங்குக் காப்பகங்களில் ஒன்றில்தான் கிடக்கின்றன. அங்கே ஒரு தடவை அறிவிப்புக் கொடுத்தால் எல்லாக் கம்பெனிக்கும் போய்ச் சேரும்படி செய்யலாம். கூடவே 15எச்-க்குச் செய்ததை 15ஜி-க்கும் செய்யுங்கள்: தள்ளுபடிக்குப் பிறகு வரி பூஜ்யம் என்றால் போதும், விலக்கு வரம்பு நிபந்தனை வேண்டாம். என் முதல் கோரிக்கை இது.

இடையில் ஒரு சின்ன விஷயம், இதில் தப்பு எங்கள் பக்கம். மேலே சொன்ன 90,000 ரூபாய்க்கு வங்கிக் கணக்கில் வந்து விழுவது 81,000. பாஸ்புக்கைப் பார்த்து 81,000 என்றே ரிட்டர்னில் எழுதுகிறார்கள். காட்ட வேண்டியது 90,000, கழித்துக்கொள்ள வேண்டியது 9,000. ஏ.ஐ.எஸ்.ஸோடு ஒத்துப்பார்த்தால் உடனே தெரிந்துவிடும். கம்பெனி அனுப்பும் ஈவுத்தொகை அறிவிப்பில் மொத்தம், பிடித்தம், வங்கியில் வரவு என்று மூன்றையும் தமிழில் ஒரு வரி அச்சடிக்கச் சொன்னால் பாதிப் பேருக்குக் குழப்பம் தீரும்.

இரண்டாவது கோரிக்கை செலவு பற்றியது. ஈவுத்தொகைக்கு எதிராகக் கழிக்க நீங்கள் அனுமதிப்பது ஒன்றே ஒன்று, கடன் வட்டி. டிமேட் கட்டணம் கழியாது, ஆலோசகர் கட்டணம் கழியாது, எனக்குக் கொடுக்கும் பீஸும் கழியாது. அந்த வட்டியும் அந்த வருஷ ஈவுத்தொகையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வரும்படி 2025-ல் நிறைவேற்றிய புது வருமான வரிச் சட்டத்திலும் இதே 20 சதவீதம்தான் எழுதப்பட்டிருக்கிறது.

மயிலாடுதுறையில் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் புதிய முறையில் 20 சதவீத அடுக்கில் இருக்கிறார். நகையை வைத்து 9 சதவீதத்தில் 6 லட்சம் வாங்கிப் பங்கில் போடுகிறார். வருஷ வட்டி 54,000. வந்த ஈவுத்தொகை 18,000. கழிக்க முடிவது 18,000-ல் 20 சதவீதம், அதாவது 3,600. மீதி 14,400-க்கு வரி 2,880, செஸ் சேர்த்து 2,995 ரூபாய். கையிலிருந்து 36,000 போன ஒருவர் அதற்கு மேல் இதையும் கட்டுகிறார். கழியாத 50,400 வட்டியை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. கம்பெனி ஒரு வருஷம் ஈவுத்தொகையே தராவிட்டால் அந்த வருஷ வட்டி முழுவதும் வீண். இதே மனிதர் கடன் வாங்கி வட்டி தரும் கடன்பத்திரத்தில் போட்டிருந்தால், அந்த வருமானத்துக்காகச் செலவான வட்டியை முழுதாகக் கழித்திருக்கலாம். பங்குக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?

உங்கள் பக்க நியாயமும் எனக்குப் புரிகிறது. பங்கு வாங்குகிறவர் ஈவுத்தொகைக்காக மட்டும் வாங்குவதில்லை, விலை ஏறும் என்றும் வாங்குகிறார். விற்கும்போது வரும் நீண்டகால ஆதாயத்தில் 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம்தான். மொத்த வட்டியையும் ஈவுத்தொகைத் தலையில் கட்டி, அந்த நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிக்கவிட்டால் பெரிய பணக்காரர்கள்தான் ஆதாயம் அடைவார்கள். அதனால் அந்த 36,000 நஷ்டத்தைக் கடை வருமானத்தில் கழிக்க விடுங்கள் என்று கேட்கவில்லை. ஈவுத்தொகை எவ்வளவோ அதுவரைக்கும் வட்டியைக் கழிக்க விடுங்கள். இவர் விஷயத்தில் 3,600-க்குப் பதில் 18,000, அவ்வளவுதான். வரி பூஜ்யத்துக்குக் கீழே போகாது. எல்லோருக்கும் முடியாது என்றால், ஈவுத்தொகை ஒரு லட்சத்துக்குள் இருப்பவர்களுக்காவது செய்யுங்கள்.

கடன் பணம் பங்குக்குத்தான் போனது என்று நிரூபிக்கும் பொறுப்பு எங்களுடையது, அதில் சலுகை வேண்டாம். இங்கே நகைக்கடனில் ஒரு பகுதி விவசாயம் என்ற பெயரில் குறைந்த வட்டிக்கு எழுதப்படுகிறது. குறுவைச் சாகுபடிக்கு என்று எழுதிக்கொடுத்து வாங்கிய கடனின் வட்டியைப் பங்குக் கணக்கில் கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். கடன் வரவு ஒரு கணக்கில் விழுந்து, அங்கிருந்து நேரே தரகரின் கணக்குக்குப் போயிருந்தால் மட்டுமே எழுதுகிறேன். நீங்களும் அந்த அளவுக்குக் கண்டிப்பாக இருக்கலாம். வரம்பை மட்டும் தளர்த்துங்கள்.

2026 பிப்ரவரி 1-ம் தேதி பட்ஜெட் உரையில் முதல் கோரிக்கைக்காவது இடம் கிடைத்தால், வரும் ஆகஸ்டில் ஈவுத்தொகை வருவதற்கு முன்பே 57 வயது அம்மாவுக்கும் ஒரு படிவம் தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
கும்பகோணத்தில் வருமான வரிக் கணக்கு எழுதும் ஒருவர்