நெடுந்தூர ஓட்டப் போட்டிகளை நடத்துவோருக்கும் அவற்றின் மருத்துவக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

பந்தய நாளில் மருத்துவக் கூடாரத்தில் பணியாற்றும் மருத்துவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஓட்டக்காரர்களுக்கு அனுப்பப்படும் கையேடுகள் பலவற்றில் இன்றும் ஒரு வரி தவறாமல் இடம்பெறுகிறது: ‘தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள், தண்ணீர் வைத்திருக்கும் ஒவ்வொரு மேசையிலும் குடியுங்கள்.’ நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட வரிதான். ஆனால் மாரத்தானை ஐந்து, ஆறு மணி நேரத்தில் முடிப்பவர்களை அது உயிராபத்து வரை கொண்டுபோகக்கூடும். அந்த வரியை நீக்கும்படி கேட்பதே இம்மடலின் முதல் நோக்கம்.

இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. உடல் வெளியேற்றுவதைவிட அதிகமாக ஒருவர் குடித்துக்கொண்டே இருந்தால் அந்தச் சோடியம் நீர்த்துப்போகிறது; நீர் செல்களுக்குள் நுழைந்து அவற்றை வீங்கச் செய்கிறது. மற்ற உறுப்புகள் வீங்க இடமுண்டு. மண்டையோட்டுக்குள் அடைபட்டிருக்கும் மூளைக்கு அந்த இடம் இல்லை. ஓய்வாக இருப்பவரின் சிறுநீரகம் மணிக்கு முக்கால் லிட்டருக்கு மேலும் நீரை வெளியேற்ற வல்லது என்பதால், மிகுதியாகக் குடித்தாலும் அவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. நீண்ட ஓட்டத்தில் நிலைமை வேறு. உடல் உழைப்பு, வலி, குமட்டல் ஆகியவை வாசோப்ரெசின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்து, நீரை வெளியேற்றாமல் பிடித்துவைக்கும்படி சிறுநீரகத்தைத் தூண்டுகின்றன. ஓட்டத்துக்கு முன் ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை போட்டுக்கொள்பவர்களுக்கு அந்தப் பிடி மேலும் இறுகலாம்.

இது அரிய நிகழ்வு என்று ஒதுக்கிவிட முடியாது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினரின் சோடியம் 135 அல்லது அதற்கும் கீழே இருந்தது. மூவருக்கு 120ஐயும் எட்டியிருந்தது. 2005இல் வெளியான அந்த ஆய்வில், சோடியம் குறைவோடு மிக உறுதியாகத் தொடர்புபட்டிருந்தது ஓட்டத்தின்போது உடல் எடை கூடியதே. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியதும் அதனோடு சேர்ந்திருந்தது. குடித்தது வெறும் தண்ணீரா, விளையாட்டு பானமா என்பது முடிவை மாற்றவில்லை.

இந்தக் கடைசிச் செய்தியை நம்பப் பலர் தயங்குகிறார்கள். ஆகவே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண் ஐந்தரை மணி நேரத்தில் மாரத்தானை முடிப்பதாகக் கொள்வோம். அவர் உடலில் ஏறத்தாழ 25 லிட்டர் நீர் இருக்கும். மெதுவாக ஓடுவதால் மணிக்கு அரை லிட்டர் வீதம் 2.75 லிட்டர் வியர்க்கிறது. சிறுநீராக இன்னொரு 200 மில்லிலிட்டர் போகிறது. வழியில் 20 மேசைகள், ஒவ்வொன்றிலும் 200 மில்லிலிட்டர் என்று கையேடு சொன்னபடியே குடித்தால் 4 லிட்டர் உள்ளே போகிறது. உடலில் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் நீர் மிகுந்து நிற்கிறது. வியர்வையில் லிட்டருக்கு 40 மில்லிமோல் சோடியம் போனதாகவும், தொடக்கத்தில் இரத்தச் சோடியம் 140 இருந்ததாகவும் வைத்தால், முடிவில் அது 130 அளவுக்கு இறங்கும். அதே 4 லிட்டரையும் விளையாட்டு பானமாகக் குடித்திருந்தால் 133. அந்தப் பானத்தையே 5 லிட்டர் குடித்திருந்தால் 129. அதாவது வெறும் தண்ணீரை 4 லிட்டர் குடித்ததைவிடவும் மோசம். தாகத்துக்கு மட்டும் 2.2 லிட்டர் வெறும் தண்ணீரைக் குடித்திருந்தாலோ, முக்கால் கிலோ எடை குறைந்து, சோடியம் 140ஐ ஒட்டியே நின்றிருக்கும். இது எளிமைப்படுத்திய கணக்குதான். உண்மையான உடலில் எண்கள் சற்று முன்பின்னாக இருக்கும். ஆனால் அது காட்டும் திசை மாறாது.

காரணம் எளியது. கடையில் கிடைக்கும் பெரும்பாலான விளையாட்டு பானங்களில் லிட்டருக்கு 20 மில்லிமோல் அளவிலேயே சோடியம் இருக்கிறது. இரத்தத்தோடு ஒப்பிட்டால் அதுவும் ஏறக்குறைய தண்ணீர்தான். எனவே ‘உப்புச் சத்தைக் காக்கும்’ என்று சொல்லி அதை மேசைகளில் வைப்பது ஓட்டக்காரர்களுக்குப் பொய்யான பாதுகாப்பு உணர்வையே தருகிறது.

விளையாட்டு பானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேகமாக ஓடுபவருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவைப்படும்போது, அதில் உள்ள சர்க்கரை கண்கூடாக உதவுகிறது. வெயிலில் மிகுதியாக வியர்த்து எடை இறங்குபவருக்கும், பத்து மணி நேரத்தையும் தாண்டி ஓடுபவருக்கும், தாகத்தின் அளவை மீறாமல் குடிக்கும்வரை அதன் சோடியமும் ஓரளவு பயன்படும்.

இனி மருத்துவக் கூடாரத்துக்கு வருகிறேன். அதிகம் வருந்த வேண்டியிருப்பது இங்கேதான். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் ஆகியவற்றோடு ஒருவர் வந்தால், ‘நீர் வற்றிவிட்டது’ என்று முடிவுகட்டி உடனே சலைன் ஏற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. நீர் மிகுந்தவருக்கும் இதே அறிகுறிகள்தான் வருகின்றன. அவருக்கு வழக்கமான சலைன் ஏற்றினால், சிறுநீரகம் உப்பை வெளியேற்றிவிட்டு நீரைப் பிடித்துவைக்க, சோடியம் மேலும் இறங்கக்கூடும். அவரை அடையாளம் காணச் சில குறிகள் உண்டு: விரல்கள் உப்பி மோதிரம் இறுகியிருக்கும், கடிகாரப் பட்டை மணிக்கட்டில் பதிந்திருக்கும், வயிறு ததும்புவதுபோல் உப்பியிருக்கும், கேட்டால் எல்லா மேசையிலும் குடித்ததாகச் சொல்வார். தொடக்கத்தில் எழுதிவைத்த எடையைவிட இப்போது கூடியிருந்தால் ஐயம் வலுக்கிறது. சற்றுக் குறைந்திருந்தாலும் இந்நோய் இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. கையடக்கக் கருவியில் சோடியத்தை அளந்து பார்ப்பதே உறுதியான வழி. வெப்பத் தாக்கு இல்லை என்று தெளிய ஆசனவாய் வழியே உடல் வெப்பத்தையும் அளக்க வேண்டும்.

சோடியம் குறைந்திருந்து, குழப்பமோ வலிப்போ ஓயாத வாந்தியோ இருந்தால், 3 விழுக்காட்டு உப்புக் கரைசலை 100 மில்லிலிட்டர் இரத்தக் குழாய் வழியே உடனே செலுத்த வேண்டும். தேறாவிட்டால் பத்து நிமிட இடைவெளியில் மேலும் இருமுறை தரலாம். இதை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும்வரை தள்ளிப்போடக் கூடாது. சில மணி நேரத்துக்குள் இறங்கிய சோடியம் என்பதால், நாட்பட்ட குறைவை வேகமாகத் திருத்தும்போது எழும் மூளைப் பாதிப்பு பற்றிய அச்சம் இங்கே பொருந்தாது. அறிகுறி லேசாக இருப்பவருக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டு, சிறுநீர் தாராளமாகக் கழியும்வரை உட்காரவைத்துக் கவனித்தாலே பெரும்பாலும் போதும். குடிக்க முடிந்தால் உப்பு செறிந்த சூப் சிறிது தரலாம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. கையேட்டில் ‘தாகம் எடுத்தால் குடியுங்கள், எடுக்காவிட்டால் மேசையைக் கடந்து செல்லுங்கள்’ என்று எழுதுங்கள். குறிப்பாக நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடவிருப்பவர்களுக்கு, ஓட்டத்தில் எடை கூடக் கூடாது என்பதைத் தனியே தெரிவியுங்கள். எண் அட்டையின் பின்புறத்தில் அன்று காலை எடையை எழுதிக்கொள்ள ஓர் இடம் விடுங்கள். கூடாரத்தில் ஓர் எடைக்கருவியும், சோடியம் அளக்கும் கருவியும், 3 விழுக்காட்டு உப்புக் கரைசலும் இருக்கின்றனவா என்பதைப் பந்தயத்துக்கு முந்தைய நாளே சரிபாருங்கள். மயங்கி வருபவருக்குச் சோடியம் அளக்காமல் சலைன் ஏற்றக் கூடாது என்பதை எழுத்துமூல விதியாக்கி, கடைசி ஓட்டக்காரர் வந்து சேர்ந்த பிறகும் சில மணி நேரம் கூடாரத்தைத் திறந்துவையுங்கள். இந்நோய் ஓட்டம் முடிந்து 24 மணி நேரம் வரையிலும் தலைகாட்டக்கூடும்.

இப்படிக்கு,
பந்தயக் கூடாரத்தில் பணியாற்றும் ஒரு மருத்துவர்