மூடுவதென்று முடிவெடுத்த பிறகு கையெழுத்தான கணக்குகள்: இயக்குநர் குழுவுக்கும் தணிக்கையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் குழுவினருக்கும் தணிக்கையாளர்களுக்கும்,

வணக்கம். உங்கள் நிறுவனத்துக்கு வார்ப்புப் பாகங்கள் தந்துவந்த ஒரு சிறு பட்டறையின் கணக்காளர் நான். கடனீந்தோர் கூட்டத்தில் நான் எழுப்பிய கேள்விக்கு நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. டிசம்பர் 31 அன்று முடிந்த ஆண்டின் கணக்குகள் சரியானவையே என்றும், தொழிலை நிறுத்தும் முடிவு அதற்குப் பிறகு பிப்ரவரி 20 அன்றுதான் எடுக்கப்பட்டது என்றும், ஆகவே அது 'ஆண்டு முடிவுக்குப் பிந்தைய நிகழ்வு' என்ற முறையில் 31ஆம் குறிப்பில் தெரிவிக்கப்பட்டுவிட்டது என்றும் அதில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்குகளைத் திரும்பப் பெற்று, தொழில் தொடர்ந்து நடக்கும் என்ற நிறுவனத் தொடர்ச்சி அனுமானத்தைக் கைவிட்ட வேறு அடிப்படையில் புதிதாக வெளியிட வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

நடந்தவற்றின் வரிசை உங்களுக்குத் தெரிந்ததுதான். பிப்ரவரி 20இல் முடிவு, மார்ச் 15இல் கணக்குகளில் கையெழுத்து, ஏப்ரலில் எங்களிடமிருந்து இரண்டு சரக்கு, மே மாதத்தில் கதவடைப்பு. அறுபது நாள் கடனுக்குச் சரக்கு அனுப்பலாமா என்று எங்கள் உரிமையாளர் கேட்டபோது, உங்கள் இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்து, கடன்கள் போகப் பங்குதாரர் நிதி 510 இருக்கிறது, அனுப்பலாம் என்று சொன்னவன் நான். (இம்மடலில் வரும் தொகைகள் எல்லாம் ஆயிரங்களில்.) 31ஆம் குறிப்பை நான் படிக்காமல் இல்லை. 'செயல்பாடுகளை மறுசீரமைப்பது குறித்துக் குழு தீர்மானித்துள்ளது' என்ற ஒரே வாக்கியம் அதில் இருந்தது. தொழிற்சாலையை மூடுவதற்கு மறுசீரமைப்பு என்று பெயர் சூட்டும் சொல்வளம் எனக்கு இல்லாமல் போனது என் குறையாகவே இருக்கட்டும்.

உங்கள் வாதத்தின் முதல் பாதி பொது விதியைப் பொறுத்தவரை சரி. ஆண்டு முடிந்த பிறகு கிடங்கு தீப்பற்றினால், முந்தைய ஆண்டின் சரக்கிருப்பைக் குறைக்க மாட்டோம். குறிப்பில் சொல்வதோடு நிறுத்திக்கொள்வோம். ஆனால் பன்னாட்டுக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 10 இதற்கு வெளிப்படையான ஒரு விலக்கை வைத்திருக்கிறது. நிறுவனத்தைக் கலைக்கவோ தொழிலை நிறுத்தவோ போவதாக, அல்லது அதைத் தவிர நடைமுறையில் வேறு வழியில்லை என்று, ஆண்டு முடிவுக்குப் பிறகு நிர்வாகம் தீர்மானித்தாலும், அந்தக் கணக்குகளைத் தொடர்ச்சி அடிப்படையில் தயாரிக்கக் கூடாது என்கிறது அதன் 14ஆம் பத்தி. அடுத்த பத்தி காரணத்தையும் சொல்லிவிடுகிறது: அதன் விளைவு கணக்கின் எல்லா மூலைகளுக்கும் பரவுவதால், ஒன்றிரண்டு தொகைகளைத் திருத்தினால் போதாது, அடிப்படையையே மாற்ற வேண்டும். எனவே இங்கே கேள்வி முடிவு எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பதல்ல. கையெழுத்திடும் நாளில் அந்த முடிவு இருந்ததா என்பதே கேள்வி. இருபத்து மூன்று நாளாக இருந்தது.

அடிப்படை மாறினால் என்ன மாறும் என்பதற்கு நான் ஊகம் எதுவும் செய்யத் தேவையில்லை. கூட்டத்தில் எங்களுக்குத் தரப்பட்ட பிப்ரவரி 20 நடவடிக்கைக் குறிப்பின் இணைப்பில், டிசம்பர் 31 அன்று இருந்த ஒவ்வொரு சொத்தையும் விற்றால் கைக்கு என்ன தேறும் என்று நீங்களே ஒரு பட்டியல் போட்டிருக்கிறீர்கள். அதை இருப்புநிலைக் குறிப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

இயந்திரங்கள் ஏட்டில் 900. உங்கள் பட்டியலில் 310. ஏட்டிலிருந்த 900 பொய் என்று நான் சொல்லவில்லை. வாங்கிய விலையிலிருந்து ஆண்டுதோறும் தேய்மானத்தைக் கழித்து வந்த மிச்சம் அது. அதை விற்றால் 900 கிடைக்கும் என்று யாரும் என்றும் சொன்னதில்லை. இன்னும் பல ஆண்டுகள் அவற்றை ஓட்டிப் பொருள் செய்து விற்று அந்தத் தொகையை மீட்போம் என்ற எதிர்பார்ப்பின் மேல் நின்ற எண் அது. ஓட்டப் போவதில்லை என்று ஆன கணமே அந்த எண்ணுக்கு நிற்க இடமில்லை. கழற்றவும் ஏற்றிச் செல்லவும் ஆகும் செலவு போக ஏலத்தில் கிடைப்பது மட்டுமே மிஞ்சும்.

அடுத்தது, பாதி முடிந்த வேலை. ஏட்டில் 240, பட்டியலில் 35. மே மாத இறுதியில் சொத்துகளைப் பார்வையிட எங்களை அனுமதித்தபோது, இந்த 240 எப்படி இருக்கும் என்று நேரில் கண்டேன். பொதி கட்டும் இயந்திரங்களின் சட்டங்கள் ஏழு, வரிசையாக நின்றன; ஒவ்வொன்றின் மேலும் வேலை ஆணை எண் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது. மூன்றில் எங்கள் வார்ப்புகள் திருகாணி முடுக்கிய நிலையில் இருந்தன. ஒவ்வொரு சட்டமும் ஒரு குறிப்பிட்ட வாடிக்கையாளரின் புட்டி அளவுக்கென்று வெட்டப்பட்டது, இன்னொருவருக்கு உதவாது. முடித்துக் கொடுக்க ஆளிருந்தால் அதற்குச் செலவழித்த கூலியும் பொருளும் மதிப்பு. இல்லையென்றால் அது இரும்பு. பழைய இரும்பு வாங்குபவர் வந்து எங்கள் வார்ப்புகளையும் சேர்த்து எடைபோட்டு, கிலோ கணக்கில் விலை சொன்னார். ஏப்ரலில் எங்கள் பட்டறையிலிருந்து துல்லியம் பார்த்து, எண்ணெய்த்தாள் சுற்றி அனுப்பிய பாகங்கள் அவை. அவற்றைக் கடைந்த தொழிலாளிக்கு இதை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். எதிர்கால இலாபத்தில் வரி மிச்சமாகும் என்று ஏற்றி வைத்திருந்த ஒத்திவைத்த வரிச் சொத்து 60, இலாபமே வரப்போவதில்லை என்பதால் பூச்சியம். திரும்பப் பெற முடியாத முன்பணச் செலவுகள் 30, அதுவும் பூச்சியம். மூலப்பொருள் 100 இருந்தது 70 ஆகிறது. வாடிக்கையாளர்கள் தர வேண்டிய 320, இனிப் பழுதுபார்க்க யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்ததும் அவர்கள் பிடித்து வைக்கப்போகும் தொகை போக 250. ரொக்கம் 20 மட்டும் எந்த அடிப்படையிலும் 20தான். ஆக, 1,670 ஆக இருந்த சொத்து 685 ஆகிறது. கடன்களும் பொறுப்புகளும் 1,160 அப்படியே நிற்கின்றன. நான் நம்பிய 510 மறைந்து, 475 பற்றாக்குறை எழுகிறது.

பணியாளர்களுக்குப் பணிநீக்க இழப்பீடாக உங்கள் இணைப்பிலேயே உள்ள 140ஐ இதில் நான் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். டிசம்பர் 31 அன்று அந்தப் பொறுப்பு எழுந்திருக்கவில்லை, முடிவை அறிவித்த பிறகே எழுகிறது என்று வாதிட இடமுண்டு. அமெரிக்கத் தரநிலையில் கலைப்பு அடிப்படைக் கணக்கு என்று தனியே ஒன்று உண்டு. கலைப்பு முடியும்வரை ஆகும் என எதிர்பார்க்கும் செலவுகளையும் அதில் முன்கூட்டியே ஏற்றுவார்கள். பன்னாட்டுத் தரநிலைகள் அப்படி ஒரு வார்ப்புருவைத் தரவில்லை. தொடர்ச்சி அடிப்படையில் தயாரிக்கவில்லை என்பதையும், வேறு எந்த அடிப்படையில் தயாரித்தீர்கள் என்பதையும், ஏன் தொடர்ச்சி இல்லை என்பதையும் சொல்லுங்கள் என்று மூன்றே மூன்றைத்தான் ஐஏஎஸ் 1 கேட்கிறது. இந்த இடைவெளி இருப்பதால்தான், 140ஐச் சேர்த்தீர்களா இல்லையா, எந்தச் சொத்தை எப்படி மதிப்பிட்டீர்கள் என்று நீங்களே எழுத வேண்டியிருக்கிறது. 'வேறு அடிப்படையில் தயாரிக்கப்பட்டது' என்று ஒரு வரி போட்டுவிட்டு எண்களை அப்படியே விட்டால், அதையும் திரும்பப் பெறும்படி இன்னொரு மடல் எழுத நேரும்.

மூடப்போகிறோம் என்று சொன்னால் அந்தச் சொல்லே நிறுவனத்தை மூடிவிடும் என்று உங்களில் ஒருவர் கூட்டத்தில் சொன்னார். நிலைமை தள்ளாடும்போது அந்த அச்சம் நியாயமானதே. வங்கி கடனைப் புதுப்பிக்குமா, பெரிய ஆணை ஒன்று வருமா என்று காத்திருக்கும் நிர்வாகம், கணக்கைத் தொடர்ச்சி அடிப்படையிலேயே வைத்துக்கொண்டு, தொடர்வதில் கணிசமான ஐயம் இருக்கிறது என்று வெளிப்படுத்தலாம். தரநிலை அதற்கு வழி விட்டிருக்கிறது. ஐயப்படுவது வேறு, முடிவெடுப்பது வேறு. பிப்ரவரி 20க்குப் பிறகு உங்களிடம் ஐயம் எதுவும் இருக்கவில்லை.

தணிக்கையாளர்களுக்கு ஒரு சொல். நிறுவனம் 'கண்ணுக்கெட்டிய எதிர்காலத்தில்' தொடரும் என்ற எடுகோள் பொருத்தமானது என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. குறைந்தது பன்னிரண்டு மாதங்களைப் பார்க்கச் சொல்கிறது தரநிலை. உங்கள் கண்ணுக்கு இரண்டு மாதம்கூட எட்டவில்லை. நடவடிக்கைக் குறிப்பேட்டைக் கையெழுத்திடும் நாள்வரை படிப்பது புதிதாகச் சேர்ந்த உதவியாளருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித் தரப்படும் வேலை. படித்திருந்தும் விட்டீர்களா, படிக்கவே இல்லையா என்பதில் எது உங்களுக்குக் கௌரவமானது என்று எனக்குத் தெரியவில்லை. தொடர்ச்சி அடிப்படை பொருந்தாத கணக்குக்கு, எவ்வளவு விரிவான குறிப்பு இருந்தாலும், அது உண்மை நிலையைக் காட்டவில்லை என்ற எதிர்மறைக் கருத்துத்தான் தர வேண்டும் என்று பன்னாட்டுத் தணிக்கைத் தரநிலையான ஐஎஸ்ஏ 570 சொல்வதை உங்களுக்கு நான் நினைவூட்ட நேர்ந்தது. சொற்கள் கடுத்துவிட்டன, பொறுத்தருள வேண்டுகிறேன்.

கேட்பது இதுதான். மார்ச் 15 கணக்குகளைத் திரும்பப் பெறுங்கள். ஒவ்வொரு இனத்துக்கும் பழைய தொகை, புதிய தொகை, மதிப்பிட்ட முறை ஆகியவற்றோடு புதிய கணக்குகளை வெளியிடுங்கள். முந்தைய ஆண்டின் ஒப்பீட்டு எண்களைத் திருத்தச் சொல்லவில்லை. அப்போது தொழில் தொடரும் என்றே நீங்கள் உண்மையில் நம்பினீர்கள். அடுத்த கடனீந்தோர் கூட்டத்துக்கு முன்பாகப் புதிய கணக்குகளின் படி எல்லோருக்கும் கிடைத்தால், ஏலத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவதா என்று நாங்கள் எண்களைப் பார்த்து வாக்களிக்க முடியும். ஆவன செய்யும்படிப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடனீந்தோருள் ஒரு பட்டறையின் கணக்காளர்