உயரம் எங்கிருந்து எதுவரை? பதிவேடு எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அருங்காட்சியகக் காப்பாட்சியர்களுக்கும், திருமேனிப் பாதுகாப்பு மையங்களில் இருப்புப் பதிவேடு எழுதுபவர்களுக்கும்,

வணக்கம். சில வருடங்களுக்கு முன்பு ஓர் அருங்காட்சியகத்தில் இருப்புச் சரிபார்ப்பு வேலைக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். அங்கே ஒரு செப்புத் திருமேனி, நின்ற கோலத்து உமை. அந்த ஒரு சிலை என் இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. சிலையில் ஒரு குற்றமும் இல்லை, அதைப் பற்றி எழுதிவைத்ததில்தான் கோளாறு.

முதல் பதிவேட்டில் உயரம் 1'-9" என்று இருந்தது. பிறகு வந்த அட்டையில் 61 செ.மீ. கணினியில் ஏற்றிய பட்டியலில் 57.9 செ.மீ. ஒரே பதிவு எண்ணுக்கு மூன்று உயரம். போதாததற்கு, பதிவேடு “வலது கை விரல்கள் சேதம்” என்கிறது, அட்டை “இடது கை விரல்கள் சேதம்” என்கிறது, எதிரே நிற்கும் அம்மனுக்கோ இரண்டு கையிலும் பத்து விரலும் முழுதாக இருக்கின்றன. இப்படி ஒரு நிலையில் யாருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: சிலையை மாற்றிவிட்டார்கள்.

அளவில் இருந்து தொடங்கினேன். சிலையைச் சமமான மேசையில் நிறுத்தி, பக்கத்தில் அளவுகோலைச் செங்குத்தாக வைத்து, மகுடத்தின் உச்சியில் மூலைமட்டத்தைப் பொருத்திப் பார்த்தால் பீடத்தின் அடியிலிருந்து 61 செ.மீ. பாதத்திலிருந்து மட்டும் அளந்தால் 53.4. சரி, 1 அடி 9 அங்குலம் என்பது 21 அங்குலம், அதாவது 53.3 செ.மீ. பதிவேடு எழுதியவர் பீடத்தை விட்டு அளந்திருக்கிறார், அட்டை எழுதியவர் பீடத்தோடு அளந்திருக்கிறார். இருவரும் சரியாகத்தான் அளந்தார்கள், எதை அளந்தோம் என்று இருவருமே எழுதவில்லை. அப்போது 57.9? அதற்குத்தான் நேரம் பிடித்தது. கணினியில் ஏற்றியவர் 1'-9" என்பதை 1.9 அடி என்று எடுத்துக்கொண்டு 30.48-ஆல் பெருக்கியிருக்கிறார். பெருக்கிப் பாருங்கள், 57.9 வரும். சிலையைப் பார்க்காமலே பிறந்த எண் அது.

ஆகவே முதல் வேண்டுகோள். உயரம் என்று மட்டும் எழுதாதீர்கள். “பீடத்தோடு 61.0 செ.மீ., பீடம் இல்லாமல் 53.4 செ.மீ.” என்று எழுதுங்கள். திருவாசி இருந்தால் அதைத் தனியே அளந்து எழுதுங்கள், அது கழன்று வேறு அலமாரிக்குப் போகும் பொருள். பீடத்துக்கு அடியில் முளை நீட்டிக்கொண்டிருந்தால் அதைச் சேர்த்தீர்களா விட்டீர்களா என்பதும் வேண்டும். உயரம், அகலம், ஆழம் என்ற வரிசை எல்லாப் பொருளுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். பழைய அங்குலக் கணக்கை மாற்றும்போது மாற்றிய எண்ணுக்குப் பக்கத்தில் மூல எண்ணையும் அப்படியே வையுங்கள். எடையையும் போட்டுவிடுங்கள். சோழர் காலத்துத் திருமேனிகள் பெரும்பாலும் கெட்டி வார்ப்பு. அச்செடுத்து உள்ளே பொள்ளலாக வார்த்த நகல் கண்ணுக்குத் தப்பலாம், தராசில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

இனி அந்த விரல்கள். பதிவேட்டில் வலது, அட்டையில் இடது. உமையின் வலது கை மலர் பிடிக்கும் கடக முத்திரையில் இருக்கும், இடது கை தொங்கும். வலது மணிக்கட்டுக்குக் கீழே கையை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தபோது முடி அளவு ஒரு கோடு தெரிந்தது. அதற்குக் கீழே பச்சைக் களிம்பு ஒரே மாதிரி, தட்டையாக, வண்ணம் அடித்ததுபோல் இருந்தது. வண்ணமேதான். அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைக் காட்டியதும் அந்த விரல்கள் மட்டும் வெளிறிய நீலமாக ஒளிர்ந்தன, சுற்றியிருந்த உலோகம் கருப்பாகவே கிடந்தது. எபாக்சி மாவில் விரல் செய்து ஒட்டி, மேலே நிறம் பூசியிருக்கிறார்கள். வேலை நன்றாகவே இருந்தது, செய்தவர் கை சுத்தமான கை. எப்போது, யார், எதைக் கொண்டு செய்தார் என்று ஒரு வரி எங்கும் இல்லை, அவ்வளவுதான். அட்டையின் “இடது” பார்ப்பவரின் இடது. சிலையின் வலம் நமக்கு இடம் என்பதைச் சொல்லித் தொலைத்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். வலம், இடம் எல்லாம் திருமேனியின் வலம், இடம் என்று முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

நிலை வேறு, பழுதுபார்ப்பு வேறு. இரண்டையும் ஒரே கட்டத்தில் திணிப்பதால்தான் இந்தக் குழப்பம். இன்றைக்குக் கண் காண்பது நிலை, அதற்குத் தேதி வேண்டும். முன்பு யாரோ செய்தது பழுதுபார்ப்பு, அதற்கும் தேதி வேண்டும், பொருளின் பெயரும் வேண்டும். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியல் கூடத்தில் 1930-களிலிருந்து பல சிலைகளை மின்பகுப்பு முறையில் சுத்தம் செய்தார்கள். அப்படிச் சுத்தமான சிலையில் பழைய களிம்பு போய்விடும். அந்தக் குறிப்பு தொலைந்துபோனால், பின்னால் வருபவர் “களிம்பே இல்லையே, புதுச் சிலையோ?” என்பார். “நிலை: நன்று” என்ற இரண்டு சொல்லை நான் எந்தப் பதிவேட்டிலும் நம்புவதில்லை. எங்கே, எத்தனை மில்லிமீட்டர், என்ன நிறம் என்று எழுதுங்கள். வெளிர் பச்சைப் பொடி உதிர்ந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள், அது குளோரைடு உலோகத்தைத் தின்பதன் அடையாளம். அந்தப் பொடியைத் துடைத்துவிட்டு மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி வந்திருக்கிறதா என்று பார்க்க, முதல் தடவை இடத்தைக் குறித்திருந்தால்தானே முடியும்?

பொருள் என்ற கட்டத்தில் எல்லோரும் “ஐம்பொன்” என்று எழுதிவிடுகிறோம். அது மரபு சொல்லும் பெயர். சோதித்த பழைய சிலைகளில் பெரும்பாலும் செம்பும் கொஞ்சம் வெள்ளீயமும் காரீயமும்தான், தங்கமும் வெள்ளியும் இருந்தாலும் சுவடு அளவுதான். சோதிக்காத வரை “செப்புக் கலவை, பார்வைக்கு” என்று போடுங்கள். சோதித்தால் எந்த இடத்தில் எந்தக் கருவியால் சோதித்தது என்று சேருங்கள்.

வந்த வழிதான் மிகவும் மெலிந்த கட்டம். எங்கள் உமைக்கு “தஞ்சாவூர்” என்று ஒரே சொல். கிடைத்த ஊரா, புதையலாகக் கருவூலத்தில் வைத்திருந்த ஊரா, பாணியா? மூன்றும் வேறு. கிடைத்த இடம், கொண்டுவந்தவர், எந்தக் கோப்பு எண்ணில் வந்தது, எந்தத் தேதி என்று பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் அதைச் சொல்லும் தாள் எது என்பதும் வேண்டும். ஸ்ரீபுரந்தான் நடராசரைப் போலித் தாளோடு ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்க முடிந்தது, 2014-இல்தான் அது திரும்பி வந்தது. மண்ணில் கிடைத்ததென்றால் கழுவுவதற்கு முன்னால் படம் எடுங்கள், ஒட்டிய மண்ணில் கொஞ்சம் சுரண்டிப் பொட்டலத்தில் பதிவு எண்ணோடு வையுங்கள். பத்தூர் நடராசர் வழக்கில் லண்டன் நீதிமன்றத்தில் சிலையில் ஒட்டிய மண்ணும் கரையான் தடமும் சாட்சியாக நின்றன. துடைத்துவிட்டிருந்தால் அந்தச் சாட்சியும் போயிருக்கும்.

கடைசியாக, தவறான எண்ணை அழிக்காதீர்கள். நான் அந்த 57.9-ஐ ஒரு கோடு போட்டு அடித்தேன், படிக்கும்படியாகவே விட்டேன். பக்கத்தில் “1'-9" என்பதை 1.9 அடியாகக் கொண்டு மாற்றிய பிழை” என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டேன். கணினியிலும் குறிப்புக் கட்டத்தில் அதே வரியைச் சேர்த்தேன். விரல்களுக்கு எதிரே எழுதியது இது: “திருமேனியின் வலது கை விரல்கள் பிற்காலத்தவை, செயற்கைப் பசை மாவு, செய்த தேதி பதிவில் இல்லை. புற ஊதா ஒளியில் பார்த்தது.”

இப்படிக்கு,
பதிவேடு எழுதிக் கை காய்த்த ஒருவர்